போர்ட் திறந்திருப்பதாக ரவுட்டர் சொல்கிறது, வெளியிலிருந்து ஒரு பாக்கெட்டும் வந்து சேர்வதில்லை

கிணற்றுமேடு — 8 ஜூலை, இரவு 9.52

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள எங்கள் தோப்பில், மோட்டார் அறைக்குள் ஒரு ராஸ்பெரி பை வைத்து, கிணற்று நீர்மட்டத்தை அளந்து சிறிய இணையப் பக்கமாகக் காட்டும்படி செய்திருக்கிறேன். அந்த இடத்துக்குக் கம்பி வழி இணைப்பு எதுவும் வருவதில்லை என்பதால், 4ஜி ரவுட்டரில் ஒரு சிம் போட்டிருக்கிறேன். தோப்பில் நின்று கைப்பேசியில் 192.168.1.20:8080 என்று அடித்தால் பக்கம் உடனே வருகிறது. கோயம்புத்தூரில் வீட்டிலிருந்து பார்ப்பதற்காக 8080 போர்ட்டை அந்தப் பைக்குத் திருப்பிவிட்டேன். ரவுட்டரும் "சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் சொன்னது. வீட்டிலிருந்து திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. சிம் நிறுவனம் வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறது என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

சோதனைச்சாவடி — 8 ஜூலை, இரவு 10.15

அடைத்துத்தான் வைத்திருப்பார்கள். என் பழைய வீட்டு இணைப்பில் 25, 80 ஆகிய இரண்டையும் அடைத்திருந்தார்கள். 8081க்கு மாற்றியதும் வேலை செய்தது. நீங்களும் 50000க்கு மேல் ஏதாவது ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள்.

கிணற்றுமேடு — 9 ஜூலை, காலை 7.20

தோப்புக்குப் போய் 50080, 61000, 443 என மூன்றையும் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரிதான். கூடவே ஒன்றைக் கவனித்தேன். "மறுக்கப்பட்டது" என்ற பதில்கூட வருவதில்லை. கிணற்றில் கல் போட்டால் சத்தமாவது கேட்கும், இதில் அதுவும் இல்லை.

பழைய வலைக்காரன் — 9 ஜூலை, காலை 11.05

போர்ட் எண்ணை மாற்றிப் பயனில்லை. இரண்டு எண்களை மட்டும் பார்த்து எழுதுங்கள். ஒன்று, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், இணையத்தை நோக்கிய வெளிமுனையின் முகவரி என்று காட்டும் எண். மற்றொன்று, அதே ரவுட்டரின் வழியாக, நம் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் வரும் எண். இரண்டும் ஒன்றானால் சோதனைச்சாவடி சொல்வதைப் பற்றிப் பேசலாம். வேறானால் இந்த விவாதம் வேறு பக்கம் திரும்பும்.

கிணற்றுமேடு — 9 ஜூலை, மாலை 6.48

ரவுட்டர் காட்டுவது 10.47.183.22. வெளித்தளம் காட்டுவது 203.0.113.45 (பொதுவெளியில் போடுவதால் இதை மட்டும் மாற்றியிருக்கிறேன்).

பழைய வலைக்காரன் — 9 ஜூலை, இரவு 8.30

மாற்றி எழுதுவதற்கு விளக்க நூல்களுக்கென்றே ஒதுக்கிய எண் வரிசையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், விவரம் தெரிந்தவர்தான்.

10 என்று தொடங்கும் முகவரி, உங்கள் வீட்டு 192.168 முகவரியைப் போலவே தனிப்பட்ட முகவரி. உலக இணையத்தில் அதற்கு வழியே கிடையாது. ஆகவே உங்கள் ரவுட்டர் இணையத்தின் வாசலில் நிற்கவில்லை. சிம் நிறுவனத்தின் வளாகத்துக்குள் இன்னொரு அறையில் நிற்கிறது. அது திறந்த கதவு, அந்த அறையிலிருந்து நிறுவனத்தின் தாழ்வாரத்துக்குத் திறக்கும் கதவு. தெருக்கதவு 203.0.113.45. அது உங்களுடையதன்று; உங்களைப் போன்ற பலருக்குச் சேர்த்து நிறுவனம் வைத்திருக்கும் ஒற்றைக் கதவு.

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில், உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண் சீட்டைக் கொடுத்து, "இந்தச் சீட்டோடு திரும்பும் சரக்கு இன்னாருக்கு" என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது நிறுவனத்தின் பெட்டி இதைத்தான் செய்கிறது. உங்கள் 10.47.183.22ஐ எடுத்துவிட்டு 203.0.113.45 என்று போட்டு, போர்ட் எண்ணையும் தன் வசதிக்கு மாற்றி, நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து உங்களிடம் சேர்க்கிறது. இப்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு பாக்கெட் 203.0.113.45:8080 என்று தானாகக் கிளம்பி வருகிறது. நோட்டில் அதற்கு வரி இல்லை. அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் இத்தனை பேரில் யாரிடம் கொடுப்பது? பெட்டி அதைக் கீழே போட்டுவிடுகிறது. இதைத் தடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்படைக்க ஆள் தெரியாத நிலை அது.

சோதனைச்சாவடி — 9 ஜூலை, இரவு 9.02

சாவடியைப் பற்றி என்னிடமே பாடமா! இருக்கட்டும். எல்லை ஊர் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தத் தோப்பில் ஒரு நேரம் கேரள டவர் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவர் பிடிக்கும். டவர் மாறும்போதெல்லாம் ஐபி மாறும், அதனால்தான் போர்ட் நிற்பதில்லை என்று நினைக்கிறேன்.

கிணற்றுமேடு — 9 ஜூலை, இரவு 9.40

இதை நானும் நம்பினேன். வெளித்தளம் ஒரு நாள் என்னைக் கொச்சியில் இருப்பதாகக் காட்டியது, மறுநாள் சென்னையில் இருப்பதாகக் காட்டியது. நானோ தென்னை மரத்தடியில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன்.

பழைய வலைக்காரன் — 10 ஜூலை, காலை 6.55

அந்த ஊர்ப் பெயர், முகவரித் தொகுதி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துச் செய்யும் ஊகம். டவருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. உங்கள் முகவரி டவரில் கொடுக்கப்படுவதில்லை. டவர்களுக்குப் பின்னால், தொலைவில் உள்ள நுழைவாயில் கருவிதான் அதைக் கொடுக்கிறது. ஆகவே ஒரு டவரிலிருந்து அடுத்ததற்குச் சாதாரணமாக நழுவும்போது முகவரி அப்படியே இருக்கும். இணைப்பு அறுந்து மீண்டும் எடுக்கும்போதுதான் புதியது வரும். சோதனைச்சாவடி சொல்வதில் பாதி சரி, முகவரி மாறத்தான் செய்யும். ஆனால் முகவரி நாள் முழுவதும் மாறாமல் இருந்தாலும் உங்கள் பக்கம் திறக்காது.

சித்தூர் மாஷ் — 10 ஜூலை, காலை 10.12

எனக்கு மொபைல் இல்லை, ஃபைபர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என் பழைய வினாத்தாள்களை வீட்டுக் கணினியிலிருந்தே மாணவர்களுக்குக் கொடுக்க நினைத்தேன். இணைப்பு தந்தவரிடம் கேட்டபோது, "மாஷே, நம் லைனில் பப்ளிக் ஐபிதான், 10உம் இல்லை, 192உம் இல்லை, நீங்களே பாருங்கள்" என்றார். ரவுட்டரில் 100.72.15.9 என்று இருக்கிறது. டைனமிக் பெயர்ச் சேவைக்கும் பணம் கட்டிவிட்டேன். பெயர் சரியாக அந்த எண்ணையே காட்டுகிறது, பக்கம் மட்டும் வருவதில்லை.

நகரிக்காரன் — 10 ஜூலை, காலை 10.30

மாஷ், எந்தச் சித்தூர்? எங்கள் பக்கத்து ஆந்திரச் சித்தூரா, பாலக்காட்டுச் சித்தூரா?

சித்தூர் மாஷ் — 10 ஜூலை, காலை 10.41

பாலக்காட்டுச் சித்தூர். உங்கள் சித்தூருக்கு வர வேண்டிய கடிதம் ஒன்று 1998இல் எனக்கு வந்தது. பின்கோடு பார்த்துத் திருப்பி அனுப்பினேன்.

பழைய வலைக்காரன் — 10 ஜூலை, மதியம் 1.15

மாஷ், உங்களுக்கும் அதே நோய்தான். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள எண்கள், இப்படிப் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கும் நிறுவனங்களின் உள்வழிக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. 10, 192.168 எல்லாம் வாடிக்கையாளர்களின் வீடுகளுக்குள்ளேயே புழங்குவதால், மோதல் வராமலிருக்கத் தனி வரிசை தேவைப்பட்டது. உங்கள் எண் 72, அந்த வேலிக்குள் இருக்கிறது. 100.63 என்றோ 100.128 என்றோ இருந்திருந்தால் உண்மையான பொது முகவரி. உங்களிடம் சொன்னவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பார்வைக்கு அது பொது எண் போலவே இருக்கும்.

பெயர்ச் சேவைக்குக் கட்டிய பணம் இந்த இணைப்பில் பயன்படாது. உலகில் வழியில்லாத ஓர் எண்ணுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். அதைத் தெருக்கதவின் எண்ணுக்கு மாற்றினாலும் நோட்டில் வரி இல்லாத பிரச்சினை மிஞ்சும்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். நான்கு எண்கள் கொண்ட பழைய முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நம் ஆசியப் பகுதியின் பதிவகம் அதே ஏப்ரலிலிருந்து கஞ்சியை அளந்து ஊற்றுவதுபோல்தான் தருகிறது. ஒரு முகவரியில் 65,536 போர்ட்கள் உண்டு. முதல் 1,024ஐ விட்டுவிட்டு, ஆளுக்கு ஆயிரம் என்று பிரித்தால் ஒரே முகவரியில் 64 பேரை உட்கார வைக்கலாம். இன்னும் இறுக்கி அடுக்குபவர்களும் உண்டு.

சோதனைச்சாவடி — 10 ஜூலை, இரவு 8.20

இவ்வளவும் வாய்ப்பேச்சு. பெட்டி எண்ணை மாற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பழைய வலைக்காரன் — 10 ஜூலை, இரவு 8.45

முடியும். கிணற்றுமேட்டிடம் வெளியில் ஒரு வாடகை சர்வர் இருந்தால் போதும். ஆனால் பழி ரவுட்டரின் மேல் விழாமலிருக்க, முதலில் ரவுட்டரில் டிஎம்இசட் அமைப்பைப் பையை நோக்கி வையுங்கள். வருவது எதுவானாலும் அது பைக்குப் போய்விடும்.

கிணற்றுமேடு — 12 ஜூலை, இரவு 10.30

இரண்டு நாள் மழை, இன்றுதான் தோப்புக்குப் போக முடிந்தது. என் வாடகை சர்வரை 198.51.100.7 என்று எழுதுகிறேன் (இதுவும் விளக்க எண்தான், ஐயா). பையிலிருந்து, புறப்படும் போர்ட் 40000 என்று கட்டாயப்படுத்தி, சர்வரின் 9000க்கு யுடிபியில் ஒரு வரி அனுப்பினேன். சர்வரில் அதை வேவு பார்த்தேன்.

```
# பையில்
nc -u -p 40000 198.51.100.7 9000

# சர்வரில்
sudo tcpdump -ni eth0 udp port 9000
```

சர்வரில் தெரிந்தது `203.0.113.45.23817 > 198.51.100.7.9000`. நான் 40000 என்று அனுப்பியது, வழியில் 23817 ஆகியிருக்கிறது. நோட்டில் எழுதிய அந்த ஒரு வரியைக் கடைசியில் பார்த்துவிட்டேன்.

அடுத்து, அதே சர்வரின் 9000லிருந்து 23817க்குப் பதில் அனுப்பினேன். பையில் வந்து விழுந்தது. அப்படியானால் கதவு எண் தெரிந்துவிட்டதே என்று, கோயம்புத்தூர் வீட்டில் இருக்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, அங்கிருந்து 23817க்கு அனுப்பச் சொன்னேன். அவன் பத்து முறை அனுப்பினான். பையில் tcpdump அசையவே இல்லை. சீட்டு என் சர்வரின் பெயருக்குக் கொடுத்தது, வேறொருவர் அதே சீட்டு எண்ணைச் சொன்னாலும் பெட்டி ஏற்பதில்லை.

பிறகு இருபுறமும் சும்மா இருந்துவிட்டு, சர்வரிலிருந்து மீண்டும் அனுப்பினேன். ஒரு நிமிடம் கழித்து அனுப்பியது வந்தது. புதிதாக ஒரு வரி உண்டாக்கி, மூன்று நிமிடம் கழித்து அனுப்பியது வரவில்லை. வரியை அதற்குள் அழித்துவிடுகிறார்கள்.

பழைய வலைக்காரன் — 12 ஜூலை, இரவு 11.04

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு திருத்தம் மட்டும். 40000ஐ மாற்றியது உங்கள் ரவுட்டராகவும் இருக்கலாம். பெரும்பாலான ரவுட்டர்கள் முடிந்தவரை அதே எண்ணைக் காப்பாற்றும் என்பதால் மேலே உள்ள பெட்டியின் மேல்தான் எனக்கும் சந்தேகம், ஆனால் இந்தச் சோதனை மட்டும் அதை நிரூபிக்காது.

நீலா — 13 ஜூலை, காலை 9.10

நான் கல்லூரி விடுதியில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் தோழிகளுக்காக விளையாட்டு சர்வர் வைக்கப் பார்க்கிறேன். என் கைப்பேசியில் 10உம் இல்லை, 100உம் இல்லை, 192.0.0.4 என்று காட்டுகிறது. கூடவே 2409 என்று தொடங்கும் நீளமான முகவரி ஒன்றும் இருக்கிறது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் யாரும் முகவரியைப் பகிர வேண்டியதில்லையே, அப்படியானால் அண்ணன்மார் இருவரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்?

பழைய வலைக்காரன் — 13 ஜூலை, மதியம் 12.40

நல்ல கேள்வி, இதைக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். 192.0.0.4 என்பது உங்கள் கைப்பேசி தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட பொம்மை முகவரி. உங்கள் சிம்மில் ஐபிவி6 மட்டுமே ஓடுகிறது. பழைய முகவரி கேட்கும் செயலிகளுக்காகக் கைப்பேசி உள்ளேயே மொழிபெயர்த்து அனுப்புகிறது, நிறுவனத்தின் பெட்டி மறுமுனையில் அதை ஒரு பகிர்ந்த பழைய முகவரியாக மாற்றுகிறது. 2409 என்று தொடங்குவது உண்மையான உலக முகவரி, உங்களுக்கே உங்களுக்கானது.

கிணற்றுமேடு — 14 ஜூலை, மாலை 5.25

நீலா சொன்னதைக் கேட்டு ரவுட்டரில் ஐபிவி6ஐ இயக்கினேன். பைக்கும் முழு உலக முகவரி வந்தது, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலையும் தற்காலிகமாக அணைத்தேன். பையிலிருந்து வெளியே எங்கும் போக முடிகிறது. வாடகை சர்வரிலிருந்து பைக்கு வரப் பார்த்தால், பிங்கும் இல்லை, 8080உம் இல்லை. பையிலிருந்து சர்வருக்கு ஓர் இணைப்பைத் திறந்தால் மட்டும் அந்த இணைப்பில் இருபுறமும் பேச முடிகிறது.

எனவே 8ஆம் தேதி நான் எழுதியதையும், 9ஆம் தேதி பழைய வலைக்காரன் என்னைத் திருத்தியதையும் சேர்த்து மீண்டும் திருத்துகிறேன். பழைய முகவரியில் என் பாக்கெட் விழுந்துபோவதற்குக் காரணம் ஆள் தெரியாதது. ஐபிவி6இல் ஆள் தெரியும், முகவரி என் ஒருவனுடையது. இருந்தும் வழியில் யாரோ நிறுத்துகிறார்கள். இது அடைப்புதான். என் கோபம் சரி, இலக்கைத்தான் தவறாகப் பிடித்திருந்தேன்.

பழைய வலைக்காரன் — 14 ஜூலை, இரவு 9.00

ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு. கேட்காத பாக்கெட் ஒவ்வொன்றையும் கைப்பேசி வரை விட்டால், தூங்கும் ரேடியோ எழுந்துகொண்டே இருக்கும், பேட்டரியும் வாடிக்கையாளரின் டேட்டாவும் கரையும். மோட்டார் அறைக்குள் கிடக்கும் ரவுட்டருக்கு இந்தக் கரிசனம் தேவையில்லை என்பதும் உண்மை.

நகரிக்காரன் — 14 ஜூலை, இரவு 9.35

என் சிம்மில் ஐபிவி6 வழியாக உள்ளே வர முடிந்தது. கைப்பேசியில் நேரடியாக ஒரு சர்வர் செயலியை ஓட்டினேன், நண்பரால் திறக்க முடிந்தது. ஹாட்ஸ்பாட்டில் மாட்டிய மடிக்கணினிக்குத்தான் வரவில்லை.

பழைய வலைக்காரன் — 14 ஜூலை, இரவு 10.10

நண்பர் அதே நிறுவனத்தின் சிம்மில் இருந்தாரா? உள்ளுக்குள் விட்டு, வெளியிலிருந்து வருவதை மட்டும் நிறுத்துவதும் உண்டு.

நகரிக்காரன் — 14 ஜூலை, இரவு 10.22

அதே நிறுவனம்தான். வேறு இணைப்பிலிருந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.

சோதனைச்சாவடி — 15 ஜூலை, காலை 8.05

இத்தனைக்கும் நடுவில் மலிவு விலைக் கேமராக்கள் மட்டும் எப்படி மொபைல் டேட்டாவிலிருந்து படம் காட்டுகின்றன? என் மைத்துனர் கோழிப்பண்ணையில் வைத்திருக்கிறார், ஒரு போர்ட்டும் திறக்கவில்லை.

பழைய வலைக்காரன் — 15 ஜூலை, காலை 11.30

கேமரா தானே வெளியே போய் அதன் நிறுவனத்தின் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறது. மைத்துனரின் கைப்பேசியும் அங்கேதான் போகிறது. முடிந்தால் அந்தச் சர்வர் இருவரையும் நேரடியாகக் கோத்துவிடும், முடியாவிட்டால் படத்தைத் தானே வாங்கிக் கடத்தும். உள்ளே வர யாரும் முயல்வதே இல்லை. கிணற்றுமேடும் அதையே செய்ய வேண்டும், சொந்தச் சர்வரில்.

கிணற்றுமேடு — 18 ஜூலை, இரவு 9.15

செய்துவிட்டேன். வாடகை சர்வரில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டேன். பை ஒரு கிளை, என் கைப்பேசி இன்னொரு கிளை, இரண்டும் வெளியே போய்ச் சர்வரில் சந்திக்கின்றன. பையின் பக்கத்து அமைப்பில் முக்கியமான பகுதி:

```
[Peer]
PublicKey = (சர்வரின் பொதுச்சாவி)
Endpoint = 198.51.100.7:51820
AllowedIPs = 10.8.0.0/24
PersistentKeepalive = 25
```

கடைசி வரியை முதலில் நான் போடவில்லை. தோப்பை விட்டுக் கிளம்பும்போது வேலை செய்தது; வேலந்தாவளம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. 12ஆம் தேதி நானே அளந்து எழுதியதை நானே மறந்துவிட்டேன். பை பேசாமல் இருந்தால் நோட்டில் உள்ள வரி அழிந்துவிடும், அதன் பிறகு சர்வரால் பையை எழுப்ப முடியாது. மறுநாள் போய் 25 விநாடிக்கு ஒரு முறை வாய் திறக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் கைப்பேசியிலிருந்து சர்வர் வரை வந்தது, பை வரை போகவில்லை. ஒரு மணி நேரம் சிம் நிறுவனத்தைத் திட்டினேன். ஒரு கிளையிலிருந்து வரும் பாக்கெட்டை இன்னொரு கிளைக்குக் கடத்தச் சொல்லும் `net.ipv4.ip_forward` சர்வரில் பூஜ்யமாக இருந்தது. அதை 1 ஆக்கியதும் பக்கம் திறந்தது. இந்த ஒரு மணி நேரத்துக்காக நிறுவனத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சித்தூர் மாஷ் — 18 ஜூலை, இரவு 9.50

25 விநாடிக்கு ஒரு முறை என்றால் மாதம் முழுவதும் டேட்டா தீர்ந்துவிடாதா?

கிணற்றுமேடு — 18 ஜூலை, இரவு 10.20

கணக்குப் போட்டேன், மாஷ். ஒரு துடிப்பு 32 பைட், மேலே யுடிபி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஆக 60 பைட். நாளுக்கு 3,456 துடிப்பு. பெருக்கினால் 2,07,360 பைட், அதாவது சுமார் 0.2 எம்பி. மாதத்துக்கு 6 எம்பியைச் சுற்றி வரும். தம்பி வாட்ஸாப்பில் அனுப்பும் ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரியது.

உங்களுடைய வினாத்தாள் விஷயம் வேறு. மாணவர்கள் ஒவ்வொருவரையும் வயர்கார்டு போடச் சொல்ல முடியாது. வாடகை சர்வரிலேயே கோப்புகளை வைத்துவிடுவது எளிது. அல்லது இணைப்பு தந்தவரிடம், மாதக் கட்டணத்துக்கு நிலையான பொது முகவரி தருவாரா என்று கேளுங்கள்.

சித்தூர் மாஷ் — 20 ஜூலை, காலை 11.00

கேட்டேன். தருவதாகச் சொன்னார். இந்த முறை, பணம் கட்டுவதற்கு முன்பே ரவுட்டரில் என்ன எண் வரும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

நீலா — 20 ஜூலை, மாலை 4.30

சிம்மிலும் அப்படிக் காசு கொடுத்து வாங்க முடியுமா? கடையில் கேட்டேன், சிம் மாற்ற வந்ததாக நினைத்து ஆதார் அட்டை கேட்டார்கள்.

நகரிக்காரன் — 21 ஜூலை, இரவு 7.45

எனக்குத் தெரிந்த ஒருவர் நிறுவனத்தின் பெயரில், தனி ஏபிஎன் போட்டுப் பொது முகவரி வாங்கியதாகச் சொல்கிறார். தனி ஆளாக நான் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஞாயிறு சோதனையையும் செய்தேன்: வீட்டு ஃபைபரிலிருந்து என் கைப்பேசியின் ஐபிவி6 முகவரிக்கு வரவே இல்லை. பழைய வலைக்காரன் சந்தேகப்பட்டது சரி.

கிணற்றுமேடு — 22 ஜூலை, காலை 6.40

நீலாவின் தோழிகள் அனைவரும் ஒரே விடுதி வைஃபையில் இருந்தால் சிம்மே தேவைப்படாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளம்மா. இங்கே கிணற்றில் தண்ணீர் நேற்றிரவை விட 40 செ.மீ. ஏறியிருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்தேன். மழையா, அல்லது சென்சாரின் மேல் தவளை உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான் இங்கிருந்து சொல்ல முடியவில்லை.